23-லிருந்து 6-க்கு: ஓர் ஒப்புமை அறிக்கையைப் பிரித்துப் பார்த்த பதிவு

ஆய்வேட்டின் சொற்கள் வேறு எழுத்துகளோடு எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று ஒரு கருவி கணக்கிட்டுச் சொல்லும் ஒப்புமை அறிக்கை, நூலகத்திலிருந்து மின்னஞ்சலில் வந்தது. திறந்தால், மேலே கொட்டை எழுத்தில் 23 சதவீதம். செட்டிநாட்டு ஊருணிகளைப் பற்றிய என் முனைவர் பட்ட ஆய்வேடு அது. ஆங்கிலத்தில் எழுதியது. ஐந்து இயல்கள், 268 பக்கங்கள், ஏறத்தாழ 74,000 சொற்கள். காரைக்குடியில் ஓர் ஆச்சி வீட்டு மாடியறையில் ஒரே ஒரு மடிக்கணினியை வைத்துக்கொண்டு நாலரை வருடம் எழுதியது. அன்று மதியம் சாப்பாடு இறங்கவில்லை.

பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018-ஆம் ஆண்டு விதிகள்படி 10 சதவீதம் வரை ஒப்புமை இருந்தால் நடவடிக்கை எதுவும் இல்லை. 10-க்கு மேல் 40 வரை என்றால் திருத்தி, ஆறு மாதத்துக்கு மிகாமல் கொடுக்கும் கெடுவுக்குள் மறுபடி தர வேண்டும். 40-க்கு மேல் 60 வரை என்றால் ஓராண்டுக்குத் திருத்திய பிரதியைத் தர முடியாது. 60-ஐத் தாண்டினால் பதிவே ரத்து. ஆக, நான் இருந்தது இரண்டாவது படியில். நெறியாளரைப் போய்ப் பார்த்தேன். "எண்ணைப் பாக்காதம்மா, எங்கெங்க சிவப்பு விழுந்திருக்குன்னு பாரு. முழு அறிக்கையையும் பிரிண்ட் போட்டு எடுத்துட்டு வா" என்றார்.

அந்த ஒரு யோசனையால்தான் எல்லாம் பிடிபட்டது. அந்தக் கருவி திருட்டைக் கண்டுபிடிப்பதில்லை. இந்தச் சொற்கள் இதே வரிசையில் வேறெங்காவது இருக்கின்றனவா என்று மட்டும் தேடுகிறது. முறையாக மேற்கோள் காட்டிய வரியும் அதில் சிவப்பாகத்தான் விழும், சொல்லாமல் எடுத்த வரியும் சிவப்பாகத்தான் விழும். இது எது, அது எது என்று பிரிக்க வேண்டியது மனிதர். நான்கு நிறப் பேனாக்களை எடுத்துக்கொண்டு, சிவப்பு விழுந்த ஒவ்வொரு இடத்துக்கும் காரணம் எழுதிக்கொண்டே போனேன். மூன்று நாள் ஆனது.

முதல் பேனா நூற்பட்டியலுக்கு. 412 பதிவுகள், 22 பக்கங்கள், அநேகமாக எல்லாமே சிவப்பு. நூற்பட்டியலை ஒப்புமைக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்று விதியே சொல்கிறது, கருவியிலும் அதை விலக்கும் வசதி உண்டு. நூலகத்தில் கேட்டேன். விலக்கித்தான் ஓட்டினோம் என்றார்கள். பிறகுதான் புரிந்தது: நூற்பட்டியல் எங்கே தொடங்குகிறது என்பதைக் கருவி தலைப்பைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்கிறது. `References`, `Bibliography` போன்ற வழக்கமான தலைப்பு தனி வரியில் இருந்தால் அதற்குப் புரியும். நான் அழகாக இருக்கட்டும் என்று `Sources Consulted` என்று போட்டிருந்தேன். தலைப்பை `Bibliography` என்று மாற்றினேன். முதன்மைச் சான்று, துணைச் சான்று என்ற பிரிவுகளை அதற்குக் கீழே உட்தலைப்புகளாக வைத்தேன். அறிக்கையில் அந்தச் சிவப்பைக் கழித்துப் பார்த்தபோது இது மட்டுமே 23-ஐ 17 ஆக்கியது.

இரண்டாவது பேனா மேற்கோள்களுக்கு. எங்கள் துறையில் பலரும் செய்வதுபோல நானும் ஒற்றை மேற்கோள் குறிதான் போட்டிருந்தேன். கருவி இரட்டைக் குறிக்குள் இருப்பதைத்தான் மேற்கோள் என்று எடுத்துக்கொள்கிறது. ஒற்றைக் குறி ஆங்கிலத்தில் உடைமைக் குறியாகவும் வருவதால் அதை நம்புவதில்லை. எனக்கும் அதே சிக்கல் வந்தது. எல்லாவற்றையும் ஒரே அடியாக மாற்றிவிடலாம் என்று கண்டுபிடித்து மாற்றும் வசதியைப் போட்டுப் பார்த்தால், சொல்லுக்கு நடுவே நிற்கும் குறியும் சேர்ந்து மாறிவிட்டது. உடனே திரும்பப் பெற்றுக்கொண்டு, 140-க்கும் மேற்பட்ட இடங்களைக் கையால் மாற்றினேன். நீண்ட மேற்கோள்களைக் குறி இல்லாமல் உள்ளே தள்ளித் தனிப் பத்தியாக வைப்போம் அல்லவா, அதுவும் வேர்டு கோப்பாகக் கொடுத்தால்தான் கருவிக்குத் தெரிகிறது. நான் பிடிஎஃப் கொடுத்திருந்தேன். பிடிஎஃபில் உள்தள்ளல் என்று ஒன்று இல்லை, பக்கத்தில் எழுத்து எங்கே நிற்கிறது என்பது மட்டும்தான் இருக்கும். அடுத்த முறை வேர்டு கோப்பையே கொடுத்தேன். இந்தச் சிவப்பையும் கழித்துப் பார்த்தால் எண் 12-க்கு வந்தது.

இது இரண்டும் வெறும் தாள் ஒழுங்கு. எழுதியதில் ஒரு சொல்லும் மாறவில்லை. மூன்றாவது பேனாவில்தான் எனக்குக் கை நடுங்கியது.

மூன்றாம் இயலில் ஒரு பத்தி முழுக்கச் சிவப்பு. மூல ஆவணம் என்று கருவி காட்டியது, நான் கேள்விப்படாத ஒருவருடைய ஆய்வேட்டை. இந்திய ஆய்வேடுகளின் இணையக் களஞ்சியமான ஷோத்கங்காவில் இருப்பது. நான் அதைப் படித்ததே இல்லை. யாருமே நம்ப மாட்டார்களே என்று தோன்றியது. உட்கார்ந்து தேடிப் பார்த்ததில், அந்த வரிகள் டபிள்யூ. பிரான்சிஸ் எழுதி 1906-இல் வெளிவந்த மதுரை மாவட்ட கெசட்டியரிலிருந்து வந்தவை. நானும் அதிலிருந்து எடுத்திருக்கிறேன், அவரும் எடுத்திருக்கிறார். கருவியின் கிடங்கில் அவருடைய ஆய்வேடு இருக்கிறது, பழைய கெசட்டியர் இல்லை. அதனால் அவர் பெயரைக் காட்டியது. கருவி சொல்லும் மூலம் என்பது அதன் கிடங்கில் கிடைத்த ஒப்புமை, அவ்வளவுதான். நாம் எங்கிருந்து எடுத்தோம் என்பது நமக்குத்தான் தெரிய வேண்டும். எனக்கு அது தெரியாமல் போனதுதான் உண்மையான கோளாறு.

அதைத் தேடப் பயன்பட்டது, படித்த நூல்களையும் மேற்கோள்களையும் சேமித்து வைக்கும் ஜோட்டெரோ என்ற மென்பொருள். முதல் ஆண்டிலிருந்தே அதை வைத்திருக்கிறேன், ஆனால் நூற்பட்டியல் அச்சடிக்கும் இயந்திரமாக மட்டும். அதன் தேடல் பெட்டியில் `Everything` என்று வைத்து, சந்தேகப்படும் தொடரை இரட்டை மேற்கோள் குறிக்குள் கொடுத்தால், சேமித்திருக்கும் பிடிஎஃப்களின் உள்ளேயும் தேடும். சிவப்பு விழுந்த வரியில் அரிதான ஐந்தாறு சொற்களை எடுத்துத் தேடினேன். பலவற்றுக்கு விடை வந்தது. சிலவற்றுக்கு வரவில்லை. ஏனென்றால் அந்தப் பிடிஎஃப்கள் பக்கங்களை வெறும் படமாக வருடி வைத்தவை, தேட எழுத்தே கிடையாது. எப்படித் தெரிந்துகொள்வது? பிடிஎஃபைத் திறந்து ஒரு வரியைச் சுட்டியால் இழுத்துப் பாருங்கள். எழுத்து நீலமாகத் தேர்வாகாமல் பெட்டி மட்டும் வந்தால் அது படம். அப்படிப்பட்ட 31 கோப்புகளுக்கு, படத்திலுள்ள எழுத்தைக் கணினியே படித்துத் தேடும்படி வைக்கும் எழுத்தடுக்கு சேர்த்தேன். என் கணினியில் விண்டோசோடு உபுண்டுவும் இருப்பதால் இது இரண்டு வரி வேலை:

```
sudo apt install ocrmypdf tesseract-ocr-tam
ocrmypdf -l eng+tam --skip-text manual.pdf manual_ocr.pdf
```

ஏற்கெனவே எழுத்து உள்ள பக்கங்களை `--skip-text` தாண்டிவிடும். 1889-இல் வந்த இராமநாதபுரம் சமஸ்தான மேனுவல் போன்ற பழைய அச்சில் பிழை கணிசமாக வரும், தமிழ்ப் பக்கங்களில் இன்னும் அதிகம். தேடிக் கண்டுபிடிக்க அது போதும். அப்படியே நகலெடுத்து ஆய்வேட்டில் ஒட்டக் கூடாது. முடிந்த கோப்பை ஜோட்டெரோவில் பழையதன் இடத்தில் வைத்துவிட்டு, மறுபடி தேடினேன்.

நான்காவது பேனா விழுந்த இடம் இரண்டாம் இயல். ஆறு பக்கம். இதற்குக் கருவியின் மேல் பழி போட வழியே இல்லை. 2021-இல் நான் குறிப்பெடுத்த முறையில்தான் தவறு. ஒரு வேர்டு கோப்பில், படித்த ஆய்வேடுகளிலிருந்து முக்கியமான வரிகளை ஒட்டி வைத்தேன். சிலவற்றுக்கு மேற்கோள் குறி போட்டேன், சிலவற்றுக்குப் போடவில்லை. பக்க எண் பாதிக்கு இல்லை. இரண்டு வருடம் கழித்து இயல் எழுத உட்கார்ந்தபோது, எது அவர்கள் வரி, எது என் வரி என்றே தெரியவில்லை. லேசாகச் சொல் மாற்றி எழுதியிருக்கிறேன்.

ஓர் இடத்தைக் காட்டுகிறேன். ஊருணிக்கு நீர் வந்து சேரும் விதம் பற்றி ஓர் ஆய்வாளர் எழுதியிருந்ததைத் தமிழில் சொன்னால் இப்படி வரும்: "வரத்துக்கால் வழியாக வரும் மழைநீர், ஊருணிக்கு முன்னால் உள்ள சிறு பள்ளத்தில் தங்கி, மண் படிந்த பிறகே தெளிந்த நீராக உள்ளே இறங்குகிறது." என் இயலில் இருந்தது: "மழைநீர் வரத்துக்கால் மூலம் வந்து, ஊருணிக்கு முன்புள்ள சிறிய குழியில் நின்று, வண்டல் அடங்கிய பின்னரே தெளிந்து உள்ளே செல்கிறது." சொல் பாதி மாறியிருக்கிறது. எலும்பு அதேதான்: என்ன முதலில் வருகிறது, எது எதற்குப் பிறகு, எங்கே நிறுத்தம். கடைசியில் அடைப்புக்குள் அவர் பெயர்கூட இருந்தது. பெயர் போட்டால் சரியாகிவிடும் என்று நினைத்திருந்தேன். பெயர் சொல்வது செய்திக்குத்தான் கடன் தீர்க்கும், வாக்கியத்துக்குத் தீர்க்காது. வாக்கியமும் அவருடையது என்றால் குறி வேண்டும், இல்லையென்றால் வாக்கியம் என்னுடையதாக இருக்க வேண்டும்.

திருத்தியது இப்படி. மூலப் பக்கத்தை ஒருமுறை முழுதாகப் படித்தேன். மூடினேன். என் கள நோட்டை எடுத்தேன். நான் நேரில் அளந்த பதினொரு ஊருணிகளில் நான்கில்தான் அந்தப் பள்ளம் இருந்தது. மற்றவற்றில் தூர்ந்தோ, மேலே ரோடு போட்டோ போயிருந்தது. ஆகவே புதிய வாக்கியம்: வண்டல் படியும் பள்ளம் ஊருணி அமைப்பின் பகுதி என்று அவர் விவரிக்கிறார் (பக்கம் 64), நான் அளந்தவற்றில் அது நான்கில் மட்டுமே எஞ்சியிருக்கிறது, இல்லாத இடங்களில் செம்புறாங்கல் படியின் கீழ்வரிசையே வண்டலில் புதைந்திருக்கிறது. இதைக் கருவி சிவப்பாக்கவே முடியாது, ஏனென்றால் உலகத்தில் வேறெங்கும் இந்த வாக்கியம் இல்லை. ஆறு பக்கத்துக்கு ஒன்பது நாள் ஆனது. பக்கம் ஐந்தாகக் குறைந்தது, இயல் பலமானது.

அந்த நாட்களில் ஒருவர் சொன்னார், டவுனில் ஓரிடத்தில் பக்கத்துக்கு இவ்வளவு என்று வாங்கிக்கொண்டு சதவீதத்தைக் குறைத்துத் தருகிறார்கள் என்று. மாதிரிக்கு ஒரு பக்கம் காட்டினார். ஒவ்வொரு சொல்லுக்கும் வேறு சொல் போட்டிருந்தார்கள். குளம் என்ற பொருளில் வரும் `tank` என்ற ஆங்கிலச் சொல்லை எண்ணெய் ஊற்றி வைக்கும் கொள்கலன் ஆக்கியிருந்தார்கள். கரை என்ற பொருளில் வரும் `bank` வங்கியாகியிருந்தது. வாய்மொழித் தேர்வில் அந்தப் பக்கத்தைத் திறந்து வைத்துக் கேட்டால் என்ன சொல்வது? வேண்டாம் என்று வந்துவிட்டேன்.

இனி இந்தக் குழப்பம் வராமல் இருக்கக் குறிப்பெடுக்கும் இடத்தையே மாற்றினேன். இதுதான் இந்தப் பதிவில் நான் முக்கியமாகச் சொல்ல நினைப்பது. பிடிஎஃபை ஜோட்டெரோவுக்குள்ளேயே திறந்து படிக்கிறேன். அடுத்தவர் வரி வேண்டுமென்றால் மஞ்சளில் கோடிடுகிறேன். எனக்குத் தோன்றுவதை அந்தக் கோட்டின் கருத்துப் பெட்டியில் எழுதுகிறேன். முடிந்ததும் அந்தப் பதிவின் மேல் வலச்சொடுக்கி `Add Note from Annotations` கொடுத்தால், கோடிட்ட வரிகள் எல்லாம் இரட்டை மேற்கோள் குறியோடும், ஆசிரியர், ஆண்டு, பக்க எண்ணோடும் ஒரே குறிப்பாக வந்து நிற்கும். என் கருத்து குறி இல்லாமல் அதன் பக்கத்தில் வரும். எது யாருடையது என்ற கேள்விக்கே இடமில்லை. வேர்டில் ஜோட்டெரோ பட்டையில் `Add Note` கொடுத்தால் அந்தக் குறிப்பு அப்படியே உள்ளே வந்து, மேற்கோள்கள் ஜோட்டெரோவோடு தொடர்பு அறாத, உயிருள்ள மேற்கோள்களாகவே நிற்கும்.

ஓர் எச்சரிக்கை. இணையத்தில் கிடைக்கும் பழைய நூல்களின் வருடலில் அட்டை, முன்னுரை எல்லாம் சேர்வதால், பிடிஎஃபின் பக்கமும் அச்சுப் பக்கமும் ஒன்றாக இருக்காது. என் கெசட்டியர் பிரதியில் முதலில் எடுத்த மேற்கோள்கள் எல்லாமே பதினாறு பக்கம் தள்ளி விழுந்திருந்தன. கோடிடத் தொடங்கும்போதே முதல் கோட்டின் பக்க எண்ணைப் பாருங்கள். தவறென்றால் அதன் மூன்று புள்ளிப் பட்டியலில் `Edit Page Number` இருக்கிறது. அங்கே சரியான எண்ணைக் கொடுத்து, மற்றக் கோடுகளுக்கும் பொருந்தும்படி தேர்ந்தெடுக்கலாம். நான் நூறு கோடு போட்ட பிறகு கவனித்தேன்.

ஐந்து இயல்களையும் ஒரே கோப்பாக்கியதும் கணினி திணறியது. ஒரு மேற்கோள் சேர்த்தால் முக்கால் நிமிடம் உறைந்து நிற்கும். ஒவ்வொரு முறையும் ஆவணம் முழுவதிலும் உள்ள மேற்கோள்களை ஜோட்டெரோ புதுப்பிப்பதுதான் காரணம். `Document Preferences`-இல் தானாகப் புதுப்பிக்கும் தேர்வை எடுத்துவிட்டேன். அதன்பின் புது மேற்கோள்கள் கோடு போட்டு நிற்கும், நாள் முடிவில் ஒருமுறை `Refresh` அழுத்தினால் போதும்.

பெரிய இழப்பு வந்தது டிடிபி கடையில். பக்க ஓரம், இடைவெளி எல்லாம் சரிசெய்யக் கொடுத்திருந்தேன். வாங்கி வந்து `Refresh` அழுத்தினால் மூன்றாம் இயலில் ஒன்றுமே நடக்கவில்லை. கடைத் தம்பி அந்த இயலை வேறொரு மென்பொருளுக்கு நகலெடுத்துத் திருத்தி, திரும்ப ஒட்டியிருக்கிறார். பார்வைக்கு அடைப்பும் பெயரும் அப்படியே இருந்தன, ஆனால் செத்த எழுத்து. வேர்டில் `Alt+F9` அழுத்தினால் இது ஒரு நொடியில் தெரியும். உயிருள்ள மேற்கோள் இப்படி விரியும்:

```
{ ADDIN ZOTERO_ITEM CSL_CITATION {"citationID": ...
```

செத்தது விரியாது, அடைப்பும் பெயருமாக அப்படியே நிற்கும். "அண்ணே, உள்ளே தொடாம வெளி ஓரம் மட்டும் பாருங்க" என்று முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். பழைய பிரதியிலிருந்து அந்த இயலை எடுத்து மறுபடி சேர்த்தேன். இப்போது வழக்கம்: மூலக் கோப்பைக் கடைக்குக் கொடுப்பதே இல்லை. அதன் நகலில் `Unlink Citations` கொடுத்து, எல்லாவற்றையும் வெறும் எழுத்தாக்கி, அந்த நகலைத்தான் கொடுக்கிறேன். நூற்பட்டியலை முதன்மை, துணை என்று பிரிப்பதும் அந்த நகலில்தான். ஜோட்டெரோ ஒரே பட்டியலாகத்தான் தரும், பிரிவு வேண்டுமென்றால் கடைசியில் கையால்தான் நகர்த்த வேண்டும்.

திருத்தி முடித்து நூலகத்தில் மறுபடி கொடுத்தேன். வந்தது 96 சதவீதம். நான் பதறியதைப் பார்த்து நூலகர் உட்காரச் சொன்னார். அறிக்கையில் மூலம் என்று இருந்தது ஒரே ஒரு ஆவணம். நான் முதலில் கொடுத்த பிரதி. அது கருவியின் கிடங்கில் சேமிக்கப்பட்டிருக்கிறது. என் ஆய்வேடு என் ஆய்வேட்டோடு ஒத்துப்போயிருக்கிறது. அவர் அந்த மூலத்தை விலக்கி ஓட்டினார், கூடவே பதினான்கு சொல்லுக்குக் குறைந்த ஒப்புமைகளையும் விலக்கினார். தொடர்ச்சியாகப் பதினான்கு சொல் வரை தற்செயலாக ஒத்துப்போகும் பொதுத் தொடர்களைக் கணக்கில் எடுக்க வேண்டாம் என்று அதே 2018 விதியில் இருக்கிறது. வரைவு நிலையில் சோதிக்கக் கொடுக்கும்போதே "சார், சேமிக்காம ஓட்டுங்க" என்று கேட்டுக்கொள்வது நல்லது. இணையத்தில் இலவசமாகச் சோதித்துத் தரும் தளங்களில் ஏற்றாமல் இருப்பதும் இதற்காகத்தான். அவர்கள் நம் பிரதியை எங்கே வைப்பார்கள் என்று நம்மால் பார்க்க முடியாது.

9 என்று வந்தது. அதில் 3 நான் ஏற்கெனவே ஓர் ஆய்விதழில் வெளியிட்ட என் கட்டுரை. அதை ஒளிக்கவில்லை. நான்காம் இயலின் முதல் பக்கத்திலேயே, இந்த இயலின் ஒரு பகுதி இன்ன கட்டுரையாக முன்பே வந்தது என்று எழுதினேன். நெறியாளர் கையெழுத்திட்ட ஒரு கடிதத்தோடு அதை நூலகத்தில் கொடுத்தேன். விலக்கிய பிறகு 6. அந்த ஆறில் என்ன இருக்கிறது என்று பார்த்தேன்: அரசுத் துறைகளின் நீண்ட பெயர்கள், ஒரு சட்டத்தின் தலைப்பு, சிவகங்கை மாவட்டம் எங்கே இருக்கிறது என்று எல்லோரும் ஒரே மாதிரி எழுதும் முதல் பத்தி. அவற்றை அப்படியே விட்டுவிட்டேன்.

பழைய குறிப்புக் கோப்பிலிருந்து வந்த மேற்கோள்களில் பக்க எண் இல்லாதவை ஐந்து மிச்சம் இருந்தன. நூல்கள் என்னிடம் இல்லை. சென்னைக்குப் போய் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் இரண்டு நாள் உட்கார்ந்தேன். அந்தச் சேகரம் இங்கே பக்கத்துக் கோட்டையூரிலிருந்து போனதுதான். மூன்றுக்குப் பக்கம் கிடைத்தது, அதில் ஒன்றில் நான் ஒரு சொல்லைத் தவறாக எழுதியிருந்தேன். கிடைக்காத இரண்டையும் ஆய்வேட்டிலிருந்து எடுத்துவிட்டேன்.